களத்தின் தென்கிழக்கு மூலை: 20-ம் 30-ம் சேர்ந்து 56 ஆனது எப்படி

எங்கள் வீட்டுக் கொல்லையில் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் ஒன்று உண்டு. அப்பா காலத்தில் போட்டது. கிழக்கு மேற்காக 40 அடி நீளம், தெற்கு வடக்காக 25 அடி அகலம், ஆகமொத்தம் ஆயிரம் சதுர அடி. மூன்று ஏக்கர் சாகுபடிக்கு அது போதுமாக இருந்தது. போன வருஷம் பக்கத்து நிலம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு வந்தது. அறுவடை முடிந்தபோது களத்தில் இடம் போதவில்லை. மிச்ச நெல்லைத் தார் ரோட்டில் கொட்டி, வண்டி வரும்போதெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு நின்றோம். அடுத்த சம்பாவுக்குள் களத்தைப் பெரிதாக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எவ்வளவு பெரிதாக்குவது? மூன்று ஏக்கர் நாலரை ஏக்கர் ஆகியிருக்கிறது, அதாவது பாதி கூடுதல். அதனால் களமும் 50 சதவீதம் கூட வேண்டும். வடக்கே வீடு, மேற்கே மாட்டுக்கொட்டகை. கிழக்கேயும் தெற்கேயும்தான் இடம். கிழக்கே ஒரு முருங்கை மரம் நிற்பதால் அந்தப் பக்கம் எட்டடிக்கு மேல் போக முடியாது. எட்டடி என்பது நாற்பதில் 20 சதவீதம். மீதி 30 சதவீதத்தை அகலத்தில் எடுத்துக்கொண்டால் 50 ஆகிவிடும் என்று நினைத்தேன். இருபத்தைந்தில் 30 சதவீதம் ஏழரை அடி. அப்படியானால் புதுக் களம் 48 அடிக்கு 32½ அடி. ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தப்பு அங்கேயே நடந்துவிட்டது. ஆனால் அது தெரிய ஒன்பது நாள் ஆனது.

சரக்குக் கணக்கை அந்த 50 சதவீதத்திலிருந்தே எடுத்தேன். பழைய களம் ஆயிரம் என்றால் புதிதாகச் சேர்வது 500 சதுர அடி. நாலு அங்குலக் கனம், அதாவது அடியில் மூன்றில் ஒரு பங்கு. 500-ஐ மூன்றால் வகுத்தால் சுமார் 167 கன அடி கான்கிரீட். கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. மேஸ்திரி கையில் வைத்திருக்கும் கணக்கு இது: நூறு கன அடி கான்கிரீட்டுக்கு சிமெண்ட் 18 மூட்டை, மணல் 44 கன அடி, ஜல்லி 88 கன அடி. கூட்டிப் பார்த்தால் நூறைவிட அதிகமாக வருகிறதே என்று கேட்கத் தோன்றும். ஜல்லிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் மணலும், மணலுக்கு நடுவில் சிமெண்டும் இறங்கிவிடும். நூறு கன அடி ஈரக் கான்கிரீட்டுக்கு சுமார் 154 கன அடி உலர்ந்த சரக்கு வேண்டும். இந்தக் கணக்குப்படி 30 மூட்டை சிமெண்ட், முக்கால் யூனிட் எம்-சாண்ட், ஒன்றரை யூனிட் முக்கால் அங்குல ஜல்லி இறக்கினேன். எங்கள் பக்கம் யூனிட் என்றால் நூறு கன அடி.

முதல் நாள் நூல் கட்டினோம். பழைய களத்தின் வடமேற்கு மூலையை அப்படியே வைத்துக்கொண்டு கிழக்கே 48 அடியிலும் தெற்கே 32½ அடியிலும் முளை அடித்தோம். மூலைமட்டம் பார்க்க 6, 8, 10 அடிக் கணக்கு. ஒரு நூலில் ஆறடியும் இன்னொன்றில் எட்டடியும் குறித்து, குறிகளுக்கு நடுவே பத்தடி வந்தால் மூலை நேராக இருக்கிறது என்று அர்த்தம். அதோடு விடாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்தோம். இரண்டுமே 58 அடிக்கு அரை அங்குலம் குறைய வந்தன. மேஸ்திரி தலையாட்டினார். கோணமெல்லாம் சுத்தம். பரப்பளவை மட்டும் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த சில நாட்கள் மண் வெட்டுவது, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடிப்பது, ஓரத்தில் நாலு அங்குலப் பலகை நிறுத்துவது என்று போயின. தண்ணீர் வடிய தெற்கே நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்தோம். ஏழரை அடிக்கு அது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய களத்தோடு புதியதை ஒட்டவைக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். பழையது பல வருஷமாக அமுங்கி நிலைத்துவிட்ட தரை, புதியது இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கண்டபடி வெடிக்கும். அதனால் நடுவில் அரை அங்குல தெர்மாகோல் பட்டை. புதிய பகுதியையும் ஒரே பலகையாகப் போடாமல் துண்டு துண்டாகப் பிரித்தோம். நாலு அங்குலக் கனத்துக்குப் பத்தடிக்கு மேல் துண்டு நீளக் கூடாது என்பது அவர் வழக்கம். கிழக்குப் பட்டை 25 அடி, அதில் மூன்று துண்டு. தெற்குப் பட்டை 40 அடி, அதில் நாலு துண்டு. ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டு வந்தோம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தெற்குப் பட்டையின் கடைசித் துண்டைத் தட்டி மட்டம் செய்து முடித்தார்கள். மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். சிமெண்ட் ஒரு மூட்டைகூட இல்லை. மணலும் ஜல்லியும் தரையைக் கூட்டிப் பெருக்கினால் இரண்டு சட்டி வரும். தென்கிழக்கு மூலையில் எட்டுக்கு ஏழரை அடி கிராவல் தரை மட்டும் அப்படியே கிடந்தது.

“தம்பி, சரக்கு தீந்துபோச்சு. இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்குல்ல?” என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். ஜல்லி லோடு குறைவாக வந்திருக்குமோ? டிப்பர் வந்த அன்றே தொட்டியின் நீளம், அகலம், சரக்கு நின்ற உயரம் மூன்றையும் அளந்து எழுதி வைத்திருந்தேன், அதில் குறை இல்லை. கனம் கூடிவிட்டதோ? பலகை நாலு அங்குலம். ஈரமாக இருந்த துண்டில் இரண்டு மூன்று இடத்தில் நீளமான ஆணியை இறக்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் நாலேகால், மற்ற இடங்களில் நாலு. சிமெண்ட் மூட்டை யாராவது எடுத்துவிட்டார்களா? காலிச் சாக்கை எண்ணினால் சரியாக 30. மேஸ்திரி நான் ஆணி குத்துவதைப் பார்த்து முகம் சுண்டிப்போனார். அந்த மாதிரி நேரத்தில் கணக்குப் போட்டவன் தன் கணக்கைக் கடைசியாகத்தான் பார்ப்பான்.

ஆட்கள் போன பிறகு களத்து ஓரத்தில் உட்கார்ந்து, இதுவரை போட்டதை டேப்பால் அளந்தேன். கிழக்குப் பட்டை 8 அடிக்கு 25, ஆக 200 சதுர அடி. தெற்குப் பட்டை 40 அடிக்கு 7½, ஆக 300. இரண்டும் சேர்ந்து 500. நான் சரக்கு வாங்கியதும் சரியாக 500-க்குத்தான், ஒரு சட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூலை 8-க்கு 7½, 60 சதுர அடி. அது என் சிகரெட் அட்டைக் கணக்கில் எங்குமே இல்லை.

நீளத்தை 20 சதவீதம் கூட்டுகிறேன் என்று சொன்னபோது மனதில் வந்தது பழைய அகலம் 25 அடிக்கு நேராக எட்டடிப் பட்டை. அது பழைய பரப்பில் 20 சதவீதம். அகலத்தை 30 சதவீதம் கூட்டுகிறேன் என்றபோது வந்தது பழைய நீளம் 40 அடிக்குக் கீழே ஏழரை அடிப் பட்டை. அது 30 சதவீதம். இரண்டையும் கூட்டினால் இரண்டு பட்டைகளின் கணக்கு வரும். அந்த அளவில் கூட்டல் தப்பே இல்லை. ஆனால் இரண்டு பட்டையை மட்டும் போட்டால் களம் ‘ட’ எழுத்தைத் திருப்பி வைத்த மாதிரி மூலை வெட்டுப்பட்டு நிற்கும், செவ்வகமாக இருக்காது. செவ்வகமாக்க அந்த மூலையையும் நிரப்ப வேண்டும். மூலையின் ஒரு பக்கம் கூடிய நீளம், மறுபக்கம் கூடிய அகலம். அதனால்தான் அது 20-இலும் சேராமல் 30-இலும் சேராமல் நிற்கிறது. 30 சதவீதத்தில் 20 சதவீதம், அதாவது பழைய பரப்பில் 6 சதவீதம். ஆயிரத்தில் 6 சதவீதம் 60 சதுர அடி. கண் முன்னால் கிராவலாகக் கிடந்தது அதுதான்.

வீட்டுக்குள் போய் இதைச் சொன்னதும், குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் மகள் கட்டம்போட்ட நோட்டை எடுத்தாள். பத்துக்குப் பத்துக் கட்டம் ஒன்று வரைந்தாள். “இதுல நூறு கட்டம் இருக்குப்பா. ஒரு கட்டம்னா ஒரு சதவீதம்.” பிறகு வலது பக்கம் இரண்டு வரிசை சேர்த்தாள், 20 கட்டம். கீழே மூன்று வரிசை சேர்த்தாள், 30 கட்டம். மூலையில் இரண்டுக்கு மூன்று, ஆறு கட்டம் காலியாக இருந்தது. அதைப் பென்சிலால் நிரப்பிவிட்டு “பன்னிரண்டைப் பதிமூணால பெருக்கினா 156. இது எங்க புத்தகத்துல முதல் கணக்கு” என்றாள். சரி, எனக்கு ஒன்பது நாளும் முப்பது மூட்டையும் ஆகியிருக்கிறது.

அவள் புத்தகத்தில் அதை ஒரு சூத்திரமாகப் போட்டிருந்தார்கள். நீளம் a சதவீதமும் அகலம் b சதவீதமும் மாறினால் பரப்பு மாறும் சதவீதம்:

```
a + b + (a × b) / 100
```

கடைசித் துண்டுதான் மூலை. சூத்திரத்தை நினைவில் வைப்பதைவிட நேராகப் பெருக்குவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீளம் 1.2 மடங்கு, அகலம் 1.3 மடங்கு, பரப்பு 1.2 × 1.3 = 1.56 மடங்கு. சதவீதத்தை மடங்காக மாற்றிவிட்டால் கூட்டலாமா என்ற ஆசையே வராது. 1.2-ஐயும் 1.3-ஐயும் கூட்டினால் 2.5 வரும், களம் இரண்டரை மடங்கு ஆகாது என்பது யாருக்கும் தெரியும்.

எனக்கு உண்மையில் வேண்டியது 50 சதவீதம்தான். அதற்கு எப்படிப் போயிருக்க வேண்டும் என்றும் அன்று இரவே பார்த்தோம். நீளம் 1.2 மடங்கு என்பது முருங்கை மரத்தால் நிலையாகிவிட்டது. பரப்பு 1.5 மடங்கு வேண்டும். 1.5-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1.25. அகலத்தை 25 சதவீதம் கூட்டினால் போதும், 30 வேண்டாம். அதாவது 31 அடி 3 அங்குலம். தெற்கே பதினைந்து அங்குலம் குறைத்திருந்தால் களம் சரியாக 1500 சதுர அடி வந்திருக்கும். 30 மூட்டையும் அப்போது போதியிருக்கும் என்பது தற்செயல் அல்ல: புதிதாகச் சேர்வது அப்போது உண்மையாகவே 500 சதுர அடியாக இருந்திருக்கும்.

இப்போது ஓரப் பலகை நின்று கான்கிரீட்டும் இறுகிவிட்டது, பின்னால் போக முடியாது. மூலையைப் போட்டே ஆக வேண்டும். மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் ஆணி குத்தியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மூலைக்கு மட்டும் தனிக் கணக்கு எடுத்தோம். டிராக்டர் டிப்பர் பின்னால் வந்து திரும்பும் இடம் அதுதான், எனவே அங்கே ஐந்து அங்குலம் போடலாம் என்றார். கிராவலை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்தோம். 60 சதுர அடிக்கு ஐந்து அங்குலம் என்றால் 25 கன அடி. நாலு அங்குலத்துக்கு 20 தான் ஆகும். கனம் 25 சதவீதம் கூடினால் சரக்கும் அதே 25 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் இங்கே மாறியது ஒரு அளவு மட்டும். ஒரே அளவு மாறினால் மூலை என்ற ஒன்று உருவாகவே இடமில்லை.

நாலரை மூட்டை சிமெண்ட், 11 கன அடி மணல், 22 கன அடி ஜல்லி. இவ்வளவு கொஞ்சத்துக்கு லோடு வண்டி வராது. வந்தாலும் சரக்கு விலையைவிட வாடகை கூட ஆகும். சிமெண்ட் ஐந்து மூட்டையை டிவிஎஸ் எக்ஸெல்லில் மூன்று நடையாகக் கொண்டுவந்தேன். மணலும் ஜல்லியும் தெருமுனையில் வீடு கட்டுபவரிடம் கேட்டு வாங்கி, அதற்கு ஈடாக அவர் வைக்கோலை என் வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். கலவை மிஷினைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது, அதனால் இரும்புத் தகட்டில் கொட்டிக் கையாலேயே கலக்கினோம். கையால் கலக்கும்போது சிமெண்ட்டும் மணலும் உலர்ந்த நிலையில் ஒரே நிறமாக வரும்வரை புரட்ட வேண்டும், பிறகுதான் ஜல்லி, கடைசியில் தண்ணீர். அவசரப்பட்டால் வரிவரியாக வெள்ளை தெரியும். மிஞ்சிய அரை மூட்டை சிமெண்ட் பழைய களத்து வெடிப்புகளுக்குப் பயன்பட்டது. வெடிப்பை உளியால் வி வடிவத்தில் அகலமாக்கி, தூசியை ஊதி, ஈரப்படுத்தி, ஒன்றுக்கு மூன்று கலவையால் அடைத்தோம்.

மேலே வரப்பு கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். மூலைத் துண்டு மட்டும் வேறு நாளில் வேறு மணலில் போட்டது, அதனால் நிறம் கொஞ்சம் வெளுப்பாக, ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது. யாராவது ஏன் என்று கேட்டால் ஆறு சதவீதம் என்று சொல்லிவிடுவேன்.

எப்போதுமே இந்த மூலையைக் கணக்கில் எடுக்க வேண்டுமா என்றால், அப்படியும் இல்லை. நூல் இழுத்ததில் நீளம் 1 சதவீதமும் அகலம் 2 சதவீதமும் கூடிவிட்டது என்று வையுங்கள். கூட்டினால் 3, பெருக்கினால் 3.02. ஆயிரம் சதுர அடியில் அந்த வித்தியாசம் வெறும் 0.2 சதுர அடி, ஒரு தேங்காய் மூடி வைக்கும் இடம். கான்கிரீட்டில் சிந்துவதும் ஒட்டுவதும் அதைவிடப் பலமடங்கு. வழக்கமாகச் சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்து வாங்குவார்கள் (நான் சேர்க்கவில்லை, அது இரண்டாவது தப்பு). மாற்றம் இரண்டுமே பத்துக்கும் கீழே இருந்தால் மூலை ஒரு சதவீதத்தைத் தாண்டாது, சேதாரத்தில் கரைந்துவிடும். இருபது முப்பது என்று போகும்போதுதான் அது தனியாக ஒரு துண்டாகி நின்று முகத்தைக் காட்டும். இரண்டு பக்கத்தையும் 50 சதவீதம் கூட்டுகிறவர் மூலையில் 25 சதவீதத்தைத் தவறவிடுவார். இரண்டையும் நூறு சதவீதம் கூட்டினால் கூட்டல் கணக்கு மூன்று மடங்கு என்று சொல்லும், உண்மை நாலு மடங்கு.

குறைக்கும்போது அதே மூலை எதிர்ப்பக்கமாக வேலை செய்வதைத் தார்ப்பாய் வெட்டும்போது பார்த்தேன். இரவில் நெல்லைக் குவித்து மூடும் தார்ப்பாய் 30 அடிக்கு 20 அடி. இரண்டு ஓரம் வெயிலில் நைந்து கிழிந்துபோயிருந்தது. நீளத்தில் மூன்றடி, அகலத்தில் இரண்டடி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வளையம் அடிக்க வேண்டும். இரண்டிலும் பத்துப் பத்து சதவீதம். மொத்தம் 20 சதவீதம் போகும், 600 சதுர அடியில் 120 என்று சொல்லத் தோன்றும். களத்தில் பட்ட பிறகு என் வாய் அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை.

முதலில் மூன்றடிப் பட்டையை வெட்டினேன். 20 அடி நீளத்துக்குக் கத்திரி போனது, 60 சதுர அடி. அடுத்து இரண்டடிப் பட்டை. இப்போது தார்ப்பாய் 27 அடிதான் இருக்கிறது, கத்திரி 27 அடியிலேயே நின்றுவிட்டது. வெட்டியது 54 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 114, மிச்சம் 486. குறைந்தது 20 அல்ல, 19 சதவீதம். அந்த ஆறு சதுர அடி, மூன்றுக்கு இரண்டு, முதல் பட்டையோடு முன்னமே போய்விட்டது. கூட்டல் கணக்கு அதை இரண்டாம் முறையும் வெட்டப் பார்க்கிறது, ஆனால் வெட்டிய துணியை மறுபடி வெட்ட முடியாது. மடங்கில் சொன்னால் 0.9 × 0.9 = 0.81. கூட்டும்போது மூலையை விட்டுவிட்டோம், குறைக்கும்போது மூலையை இரண்டு முறை எண்ணினோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சித்தப்பா வந்தார். எங்கள் பழைய களம் மாதிரியே ஆயிரம் சதுர அடி அவருக்கும் வேண்டும். ஆனால் அவர் கொல்லையில் ஒரு பக்கம் வாய்க்கால், 20 அடிக்கு மேல் அகலம் கிடைக்காது. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, முளையும் அடித்து வைத்துவிட்டு, ஒரு தடவை பார்த்துவிடு என்று என்னைக் கூப்பிட்டார். 48 அடிக்கு 20 அடி.

“எப்படிச் சித்தப்பா 48 வந்துச்சு?”

“அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. அதே அஞ்சுல ஒரு பங்கை நீளத்துல போட்டுட்டேன். நாப்பதுல அஞ்சுல ஒண்ணு எட்டு. சரிக்குச் சரி ஆயிடுச்சுல்ல?”

பார்த்தால் யாருக்கும் சரியென்றுதான் படும். 20 சதவீதம் போய் 20 சதவீதம் வந்திருக்கிறது. பெருக்கினால் 960. நாற்பது சதுர அடி காணோம். நான் சூத்திரத்தை எடுக்கவில்லை, அவரைக் கோட்டின் மேலேயே நடக்கவைத்தேன். வாய்க்கால் பக்கம் போன பட்டை 40 அடி நீளம், 5 அடி அகலம். அது 200 சதுர அடி. கிழக்கே சேர்ந்த பட்டை எட்டடி. ஆனால் அது எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது? களத்தின் அகலம் இப்போது 25 இல்லை, 20. எட்டுக்கு இருபது 160. போனது முழு நீளத்துக்குப் போயிருக்கிறது, வந்தது குறைந்த அகலத்துக்கு மட்டும் வந்திருக்கிறது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் ஐந்து கோடு கீறினார். ஒன்றை அழித்தார். மிச்சம் இருந்த நாலையும் பார்த்தார்.

“அஞ்சுல ஒண்ணு போனா மிச்சம் நாலு. போனதைத் திரும்பக் கொண்டாரணும்னா, நாலுக்கு ஒண்ணு போடணும். அஞ்சுக்கு ஒண்ணு போட்டா பத்தாது. அப்படித்தானே?”

அப்படித்தான். நாலில் ஒன்று என்றால் 25 சதவீதம், நாற்பதுக்குப் பத்தடி. 0.8-ஐ 1.25-ஆல் பெருக்கினால் சரியாக ஒன்று. நான் ஒரு வாரம் மகளின் நோட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டதை அவர் ஐந்து கோட்டில் முடித்துவிட்டார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தார், கிழக்கு முளையை அசைத்துப் பிடுங்கினார், டேப்பின் நுனியை என் கையில் கொடுத்து மேற்கு மூலையில் பிடிக்கச் சொன்னார், இரண்டடி தள்ளி 50-இல் அடித்தார்.